2.4 லட்சம் செலவழித்தும் ஆண்டுக் கட்டணம் ஏன்?

கேள்வி: என் கிரெடிட் கார்டில் ஆண்டுக்கு 2 லட்சம் ரூபாய் செலவழித்தால் 1,000 ரூபாய் ஆண்டுக் கட்டணம் கிடையாது என்றார்கள். கடந்த ஆண்டு மளிகைக்கு மாதம் 14,000, பெட்ரோலுக்கு 2,000, வாலட்டில் நிரப்ப 4,000 என 2,40,000 ரூபாய் செலவழித்தேன். ஆனாலும் 1,180 ரூபாய் பிடித்துவிட்டார்கள். மளிகைக்கு 100 ரூபாய்க்கு 10 புள்ளி என்கிறார்கள். மாதம் 1,000 புள்ளிக்கு மேல் வருவதே இல்லை. ஒரு புள்ளிக்கு 25 பைசா. இந்தக் கார்டை வைத்திருக்கலாமா?

பதில்: வங்கி உங்கள் செலவைத் தனித்தனியாக இரண்டு கணக்குகளில் எழுதுகிறது. ஒன்று கட்டண விலக்குக்கு, மற்றொன்று புள்ளிகளுக்கு. ஒன்றில் சேரும் செலவு மற்றொன்றில் சேர வேண்டும் என்பதில்லை. அதனால் ஒவ்வொன்றிலும் சேராத செலவுகளின் பட்டியல்களைத் தனித்தனியாகப் படியுங்கள். கார்டோடு வந்த ‘மிக முக்கிய விதிமுறைகள்’ ஆவணத்திலோ, வங்கியின் இணையதளத்தில் கார்டுக்கான விதிகளிலோ அவை இருக்கும். விளம்பரத்தில் இருக்காது.

முதலில் கட்டணம். வாலட்டில் நிரப்பும் பணம், பெட்ரோல், வாடகை, தவணையாக மாற்றிய தொகை, ரொக்கமாக எடுத்தது ஆகியவற்றைப் பல கார்டுகள் 2 லட்சக் கணக்கில் சேர்ப்பதில்லை. உங்கள் கார்டு பெட்ரோலையும் வாலட்டையும் விலக்கியிருந்தால் 72,000 ரூபாய் கழிந்து, மீதம் 1,68,000தான். 32,000 ரூபாய் குறைந்ததால் கட்டணம் விழுந்திருக்கிறது. 1,000 ரூபாய்க்கு 18 சதவீத ஜிஎஸ்டி சேர்ந்து 1,180. திருப்பிக் கொடுத்த பொருளின் தொகையும் கழியும். ‘ஆண்டு’ என்பதும் பெரும்பாலும் ஜனவரியிலோ ஏப்ரலிலோ தொடங்குவதில்லை. கார்டு வழங்கிய தேதியிலிருந்து ஓடுகிறது. கடைசி நாளில் வாங்கியது கணக்கில் பதிவாக இரண்டு மூன்று நாள் ஆகலாம் என்பதால், எல்லையைத் தொட வேண்டுமானால் ஒரு வாரம் முன்பே தொட்டுவிடுங்கள்.

அடுத்து புள்ளிகள். உச்சவரம்பைப் புள்ளிகளில் படிக்காமல் ரூபாயாக மாற்றிப் படியுங்கள். 100 ரூபாய்க்கு 10 புள்ளி என்றால் 1,000 புள்ளி 10,000 ரூபாயிலேயே தீர்ந்துவிடும். அதன் மதிப்பு 250 ரூபாய். அதற்கு மேல் வாங்கும் 4,000 ரூபாய்க்கு உங்களுக்கு எதுவும் கிடைப்பதில்லை. சில கார்டுகளில் வரம்புக்குப் பிறகு சாதாரண விகிதமாவது தொடரும். உங்கள் கார்டில் அதுவும் இல்லை. ஆக, 2.5 சதவீதம் என்று நினைத்தது உங்கள் 14,000 ரூபாயில் 1.8 சதவீதத்துக்கும் கீழே வருகிறது.

வரம்பு ‘மாதத்துக்கு’ என்றால் காலண்டர் மாதமா, பில் சுற்றா என்றும் பாருங்கள். பில் 18ஆம் தேதி வருமானால், மாதக் கடைசியில் வாங்கியதும் அடுத்த மாத முதல் வாரத்தில் வாங்கியதும் ஒரே வரம்புக்குள் அடங்கிவிடும். மளிகை எது என்பதையும் கடையின் பலகை தீர்மானிப்பதில்லை. அந்தக் கடையின் கார்டு இயந்திரத்துக்கு வழங்கப்பட்ட வணிகர் வகைக் குறியீடே தீர்மானிக்கிறது. சூப்பர் மார்க்கெட்டுக்கு 5411, டிபார்ட்மென்ட் ஸ்டோருக்கு 5311. அரிசி வாங்கினாலும் 5311 எனப் பதிவான கடையில் மளிகைப் புள்ளி வராமல் போகலாம்.

வரம்பைத் தாண்டிய அந்த 4,000 ரூபாயை 1 சதவீதம் தரும் வேறு கார்டுக்கு மாற்றிவிடலாம் என்று தோன்றும். ஆண்டுக்கு 480 ரூபாய் கிடைக்கும். ஆனால் இந்தக் கார்டின் கணக்கு 1,20,000 ஆகிவிடும்; 2 லட்சம் எட்டாது. அதனால் கட்டண விலக்கு சாத்தியமா என்பதை முதலில் முடிவு செய்யுங்கள். பள்ளிக் கட்டணம், காப்பீட்டுப் பிரீமியம் போல எப்படியும் கட்டவேண்டிய 32,000 ரூபாய் உங்களுக்கு இருந்து, அது கட்டண விலக்குக்கான 2 லட்சக் கணக்கில் சேருமானால், கூடுதல் கட்டணம் எதுவும் வாங்காத இடத்தில் அதை இந்தக் கார்டில் கட்டுங்கள். அந்தத் தொகைக்குப் புள்ளியே வராவிட்டாலும் 1,180 ரூபாய் மிச்சம், அது 3.7 சதவீத லாபம், உங்கள் மளிகைப் புள்ளியைவிட அதிகம். இதற்காகத் தேவையில்லாத பொருளை மட்டும் வாங்காதீர்கள்.

அப்படி ஒரு செலவு இல்லையென்றால், ஆண்டுக்கு வரும் 3,000 ரூபாய் புள்ளி மதிப்பிலிருந்து 1,180 போக 1,820 நிற்கும். ஆண்டுக் கட்டணம் இல்லாத 1 சதவீதக் கார்டில் அதே மளிகைக்கு 1,680 கிடைக்கும். 140 ரூபாய் வித்தியாசத்துக்காக இந்தக் கார்டை நான் வைத்திருக்கமாட்டேன். மூடுவதாக இருந்தால் அடுத்த கட்டணம் விழும் முன்பே புள்ளிகளைப் பயன்படுத்திவிட்டு, பாக்கியைக் கட்டி, எழுத்தில் கோரிக்கை கொடுங்கள். ரிசர்வ் வங்கியின் விதிகளின்படி ஏழு வேலை நாட்களுக்குள் மூட வேண்டும். தவறினால், கார்டில் பாக்கி இல்லாதபட்சத்தில், மூடும்வரை தாமதிக்கும் ஒவ்வொரு நாளுக்கும் 500 ரூபாய் வங்கி உங்களுக்குத் தர வேண்டும்.