‘நியாயமான கட்டுப்பாடு’ விடையை எப்போது எடுக்கலாம்?

கேள்வி: அரசமைப்புச் சட்ட எம்.சி.க்யூவில் ஒரு சூழலைக் கொடுத்து, அந்தச் சட்டம் செல்லுமா என்று கேட்கிறார்கள். ‘நியாயமான கட்டுப்பாடுதான், எனவே செல்லும்’ என்ற விடை எனக்கு எப்போதும் சரியாகவே தெரிகிறது. எதை வைத்து முடிவு செய்வது?

பதில்:

நியாயமானதா என்பதைக் கடைசியில்தான் கேட்க வேண்டும். அதற்கு முன்னால் அரசமைப்புச் சட்டப் பிரிவு 19(1)-ல் உள்ள எந்தச் சுதந்திரம் பாதிக்கப்படுகிறது என்று பாருங்கள். அப்புறம், அந்தச் சுதந்திரத்துக்கு உரிய உட்பிரிவு என்னென்ன காரணங்களுக்காகக் கட்டுப்பாட்டை அனுமதிக்கிறது என்று பாருங்கள். நிறைய வினாக்கள் இந்த இரண்டாவது இடத்திலேயே முடிந்துவிடும்.

பேச்சு, கருத்துச் சுதந்திரம் 19(1)(ஏ)-ல் இருக்கிறது. அதைக் கட்டுப்படுத்தும் காரணங்கள் 19(2)-ல் இருக்கின்றன: இந்தியாவின் இறையாண்மையும் ஒருமைப்பாடும், நாட்டின் பாதுகாப்பு, வெளிநாடுகளுடனான நட்புறவு, பொது ஒழுங்கு, நாகரிகம் அல்லது ஒழுக்கம், நீதிமன்ற அவமதிப்பு, அவதூறு, குற்றம் செய்யத் தூண்டுதல். இந்தப் பட்டியலில் ‘பொதுநலன்’ கிடையாது. தொழில், வணிகச் சுதந்திரமான 19(1)(ஜி)-க்கு உரிய 19(6)-லோ பொதுநலன்தான் முக்கியக் காரணம். வினா தயாரிப்பவர்கள் இந்த இடைவெளியில்தான் பொறி வைக்கிறார்கள்.

ஒரு வினாவை எடுத்துக்கொள்வோம். சிறிய நாளிதழ்களைக் காப்பாற்ற நாடாளுமன்றம் ஒரு சட்டம் இயற்றுகிறது. ஒரு நாளிதழ் இத்தனை பக்கம் போட்டால் இவ்வளவு விலை வைக்க வேண்டும் என்கிறது அது. ஒரு பெரிய நாளிதழும் அதன் வாசகர்களும் வழக்குத் தொடுக்கிறார்கள். விடைகள்: (அ) பொதுநலனுக்கான நியாயமான கட்டுப்பாடு, செல்லும். (ஆ) பத்திரிகைச் சுதந்திரத்தை எந்தச் சட்டத்தாலும் கட்டுப்படுத்த முடியாது, செல்லாது. (இ) இந்த நோக்கம் 19(2)-ன் காரணங்களில் அடங்காது, செல்லாது. (ஈ) பத்திரிகை ஒரு தொழில், எனவே 19(6)-ன்படி செல்லும்.

இது பெரும்பாலும் சகால் பேப்பர்ஸ் வழக்கின் கதைதான். 1961-ல் தீர்ப்பான அந்த வழக்கு பாடநூல்களில் 1962 என்று வரும். பக்கத்தைக் குறைத்தால் செய்தி குறையும், விலையை ஏற்றினால் வாசகர் குறைவார்கள். இரண்டுமே கருத்து பரவுவதை நேரடியாகத் தடுப்பதால் பாதிக்கப்படுவது 19(1)(ஏ). பத்திரிகை நடத்துவது தொழிலும்தானே என்று அரசு வாதாடியது. ஒரு சுதந்திரத்தைக் கட்டுப்படுத்த இன்னொரு சுதந்திரத்துக்கான காரணத்தைக் கடன் வாங்க முடியாது என்பதே உச்ச நீதிமன்றத்தின் நிலை. ஆகவே விடை (இ). சட்டத்தின் நோக்கம் எவ்வளவு நல்லது என்று யோசிக்க ஆரம்பித்தால் (அ)-வுக்குப் போய்விடுவீர்கள். சட்டம் செல்லாது என்ற முடிவு (ஆ)-விலும் சரிதான், ஆனால் அது சொல்லும் காரணம் 19(2) இருப்பதையே மறந்துவிடுகிறது. விடையின் முடிவோடு அதன் காரணத்தையும் படியுங்கள்.

சரி, காரணம் பட்டியலில் இருந்துவிட்டால்? அப்போதுதான் ‘நியாயமானதா’ என்ற கேள்வி வருகிறது. 1950-ல் தீர்ப்பான சிந்தாமன் ராவ் வழக்கைப் பாருங்கள். விவசாயப் பருவத்தில் வயலுக்கு ஆள் கிடைக்க வேண்டும் என்று, குறிப்பிட்ட கிராமங்களில் பீடி சுற்றுவதையே தடை செய்தார்கள். தொழில் சுதந்திரம், பொதுநலன், 19(6): எல்லாம் பொருந்துகிறது. ஆனாலும் தடை செல்லவில்லை. வயல் வேலைக்குப் போக முடியாத முதியவர்கள், உடல் நலிந்தவர்கள் உட்பட எல்லோரையும் அந்தத் தடை பிடித்துக்கொண்டது. நோக்கத்துக்குத் தேவையானதைவிட அதிகமாகப் போனதுதான் குறை. வினாவில் ‘முழுவதும்’, ‘எவரும்’, ‘காலவரையின்றி’ போன்ற சொற்கள் வந்தால் இதைத்தான் சோதிக்கிறார்கள். அவற்றைக் கண்டதும் செல்லாது என்று குறித்துவிடாதீர்கள். அந்த அகலம் நோக்கத்துக்குத் தேவையா என்று கேளுங்கள்.

கட்டுப்பாடு எந்த வடிவில் வந்திருக்கிறது என்பதையும் ஒரு தடவை பார்த்துவிடுங்கள். 19(2) முதல் 19(6) வரை பேசுவது ‘சட்டம்’ விதிக்கும் கட்டுப்பாட்டைப் பற்றி. சட்ட ஆதரவு இல்லாத வெறும் துறைச் சுற்றறிக்கை என்றால் நியாயம் வரை போகவே வேண்டியதில்லை. கேரளத்தில் தேசிய கீதம் பாடாமல் மரியாதையாக எழுந்து நின்ற மாணவர்களைப் பள்ளியிலிருந்து நீக்கிய பிஜோ இம்மானுவேல் வழக்கில் (1986), அந்த நீக்கம் செல்லாமல் போனதற்குச் சுற்றறிக்கைக்குச் சட்ட ஆதரவு இல்லாதது ஒரு முக்கியக் காரணம்.

இந்த வரிசை பிரிவு 19-க்கு மட்டும்தான். மத சுதந்திரம் பற்றிய பிரிவு 25-ல் ‘நியாயமான கட்டுப்பாடு’ என்ற சொல்லே இல்லை. பொது ஒழுங்கு, ஒழுக்கம், சுகாதாரம், அடிப்படை உரிமைகள் பகுதியின் மற்ற விதிகள் ஆகியவற்றுக்கு உட்பட்டது என்றுதான் அது தொடங்குகிறது. வினா 25 பற்றியதாக இருந்து, ஒரு விடை 19(2)-ஐக் காட்டினால் அதை முதலிலேயே அடித்துவிடலாம்.