பார்லர் அக்காவிடம் ஏன் சொல்லவில்லை?

கேள்வி: எனக்கு 23 வயது. இடுப்பு வரை முடி. அடுத்த மாதம் அண்ணன் திருமணம். அதற்குள் பிளீச் செய்து சாம்பல் பழுப்பு நிறம் போட ஆசை. முடி உடையாமல் இருக்க பாண்ட் பில்டரும் புரத மாஸ்க்கும் வாங்கிவிட்டேன். ஒரு வாரம் தினமும் மாஸ்க் போட்டால் போதுமா? எங்கள் ஊர் பார்லர் அக்காதான் செய்யப்போகிறார். எட்டு மாதத்துக்கு முன் சென்னையில் ஸ்ட்ரெய்ட்டனிங் செய்ததை அவரிடம் சொல்லவில்லை. அவர் அம்மாவின் தோழி. நான் அயர்ன் செய்கிறேன் என்றுதான் அம்மா நினைத்துக்கொண்டிருக்கிறார்.
- வாசகி, திண்டுக்கல்

பதில்: மாஸ்க்கைத் தூர வை, மகளே. ஸ்ட்ரெய்ட்டனிங் செய்ததைக் கடைசியில் போகிறபோக்கில் எழுதியிருக்கிறாயே, அதைத்தான் முதலில் பேச வேண்டும்.

முடிக்கு வலுவைத் தருவது கெரட்டின் என்ற புரதத்தாலான அதன் இழைகளைப் பிணைத்திருக்கும் கந்தகப் பிணைப்புகள். ஸ்ட்ரெய்ட்டனிங் மருந்து அவற்றை அறுத்து, முடியை நேராக்கி, மறுபடி பூட்டுகிறது. எல்லாம் திரும்பப் பூட்டிக்கொள்வதில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர் வளரும். ஆக, உன் தலையில் வேரை ஒட்டிய எட்டு சென்டிமீட்டர்தான் புதிய முடி. அதற்குக் கீழே இடுப்பு வரை தொங்குவது முழுவதும் ஒருமுறை அறுபட்டது. பிளீச் நிறத்தோடு நின்றுவிடாது. அதே பிணைப்புகளையும் தாக்கும். மீதமிருப்பதையும் அது எடுத்துவிட்டால் முடி நடுவிலேயே அறுந்து கையோடு வரும்.

பாண்ட் பில்டர் எதற்கு என்கிறாயா? 2014-இல் ஓலாப்ளெக்ஸ் என்ற பிராண்ட் வந்த பிறகு பரவிய முறை அது. அறுபட்ட கந்தக முனைகளைப் பிளீச் முழுமையாக எரித்துவிடும் முன் பற்றிக்கொள்வதுதான் அதன் வேலை. அதனால் பிளீச் கலவையிலேயே சேர்க்கிறார்கள். அலசியதும் ஷாம்புக்கு முன் இன்னொரு முறை பூசுகிறார்கள். எரிந்துபோன முனையை அதனால் மீட்க முடியாது. எட்டு மாதத்துக்கு முன் போனதை இன்று பூசும் மருந்து திருப்பித் தராது.

புரத மாஸ்க்கின் வேலை வேறு. சிறு துண்டுகளாக உடைத்த கெரட்டினோ கோதுமைப் புரதமோ சேதமான இடங்களில் புகுந்து தற்காலிகமாக நிரப்பும். கழுவக் கழுவப் போய்விடும். பிளீச்சுக்கு நாலைந்து நாள் முன்பு ஒரு தடவை போதும். தினமும் போட்டால் முடி விறைத்து, சீப்பு பட்டாலே முறியக்கூடும். பிறகு போடுவதும் ஒரு வாரம் கழித்து, ஈர முடி இழுத்தால் தொய்கிறது என்றால் மட்டும். இடையில் தலைக்குக் குளிக்கும் முன் தேங்காய் எண்ணெய் தேய்த்தால் புரதம் கழுவிப் போவது குறையும். உன் அம்மா எண்ணெய் வைக்கக் கூப்பிட்டால் உட்கார்.

இப்போது பார்லர் அக்காவிடம் வருகிறேன். உன் முடி முழுவதும் இயற்கையானது என்று நம்பித்தான் அவர் கலவையின் வீரியத்தை முடிவுசெய்வார். பாண்ட் பில்டர் சேர்த்ததும் வெளுப்பு மெதுவாக ஏறுகிறதே என்று பிளீச் பொடியோடு கலக்கும் பெராக்சைடு திரவமான டெவலப்பரை 6 சதவீதத்திலிருந்து 12 சதவீதமாக்குவோர் உண்டு. அதுவும் சேர்ந்தால் உன் முடி தாங்காது. அறுந்தால் ஊரில் யார் பெயர் கெடும்? உன் அம்மாவின் தோழியின் பெயர். அந்தப் பெண் இதை வைத்துத்தானே பிழைக்கிறார்? உன் பயத்துக்காக அவர் பழி சுமக்க வேண்டுமா? தன் தலையை ஒருவரிடம் ஒப்படைப்பவள் அவரிடம் உண்மையைச் சொல்லக் கடமைப்பட்டவள். இதில் நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

நாளை அம்மாவிடம் சொல். திட்டு விழும், வாங்கிக்கொள். பிறகு இருவருமாகப் பார்லருக்குப் போங்கள். பின்கழுத்துப் பக்கம் அடிமயிரில் ஒரு சிறு கற்றையை வெட்டித் தரச் சொல். அதில் புதிய முடியும் பழைய முடியும் இரண்டும் இருக்க வேண்டும். 6 சதவீத டெவலப்பரில், பாண்ட் பில்டர் கலந்து, அந்தக் கற்றையை மட்டும் அக்கா வெளுக்கட்டும்; ஐந்து நிமிடத்துக்கு ஒருமுறை பார்க்கட்டும். அலசி, ஈரத்தோடு மெதுவாக இழுத்துப் பாருங்கள். கொஞ்சம் நீண்டு தன் நீளத்துக்குத் திரும்பினால் பிழைக்கும். பசைபோல நீண்டு அப்படியே நின்றால் பிணைப்பு போய்விட்டது. உடனே பட்டென்று அறுந்தாலும் வேண்டாம்.

வேர்ப்பக்கம் தாங்கி, கீழ்ப்பக்கம் பசையாகும் என்பதுதான் என் கணிப்பு. அப்படியானால் இந்தத் திருமணத்துக்குப் பிளீச் இல்லை. வெளுக்காமல் கருமுடி மேலேயே போடும் ஆழ்ந்த பழுப்போ ஒயின் சிவப்போ அக்காவிடம் கேள். சாம்பல் பழுப்பு வேண்டுமென்றால், நேராக்கிய பகுதி வளர்ந்து வெட்டுப்பட்டுப் போகும் வரை காத்திரு. அந்தச் சோதனைக் கற்றையை எறிந்துவிடாதே. ஒரு காகிதத்தில் மடித்து அம்மா கையில் கொடு.