ஒன்பது பழைய படங்களும் ஒரு சிறு ரயிலும்: ஆவணப்பட ஸ்கிரிப்ட் எழுதுவது எப்படி?

கேள்வி: எங்கள் தாத்தா மொரப்பூர்–தர்மபுரி சிறு ரயிலில் வேலை பார்த்தவர். வீட்டில் 9 பழைய படங்கள் இருக்கின்றன. ஒன்றில் எஞ்சின் முன்னால் ஐந்து பேர் நிற்கிறார்கள். வலது ஓரத்தில் தாத்தா, கையில் சுருட்டிய கொடி. இவற்றை வைத்து 15 நிமிட ஆவணப்படம் எடுக்க ஆசை. படத்தின் மேல் கேமரா மெதுவாக நகர்வது, பின்னணிக் குரல், நடித்துக் காட்டும் காட்சி, இதையெல்லாம் ஸ்கிரிப்டில் எப்படி எழுதுவது?
– வாசகர், மொரப்பூர்

பதில்:

முதலில் ஒரு கணக்குப் போட்டுவிடலாம். ஒரு படத்தை மூன்று தடவை காட்டலாம்: முழுசாக ஒரு தடவை, ஒரு முகத்துக்காக ஒரு தடவை, ஓரத்தில் இருக்கும் ஏதாவது ஒரு பொருளுக்காக ஒரு தடவை. தடவைக்குப் பத்து விநாடி வைத்தால் 9 படத்துக்கு 270 விநாடி, அதாவது நாலரை நிமிடம். அதற்கு மேல் இழுத்தால் பார்ப்பவர் நெளிய ஆரம்பித்துவிடுவார். மீதிப் பத்தரை நிமிடத்தைப் பேட்டி, வரைபடம், இன்றைய ஊர் என்று நிரப்ப வேண்டிவரும். என்னைக் கேட்டால் 8 நிமிடமாகக் குறைத்துவிடுங்கள்.

குறைக்க மனசு வராதவர்கள் செய்கிற வேலை ஒன்று உண்டு: ஊட்டி ரயில் படத்தை எடுத்து நடுவே செருகுவது. உங்கள் ரயிலில் தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடி. ஊட்டியில் ஒரு மீட்டர், டார்ஜிலிங்கில் இரண்டடி. ஊட்டிப் பாதையின் மலையேற்றப் பகுதியில் நடுவே பல்சட்டம் வேறு ஓடும். ரயில் தெரிந்த ஒருவர் பார்த்தால் போதும், அப்புறம் உங்கள் அசல் படங்களையும் அவர் நம்ப மாட்டார்.

சரி, அந்த ஐந்து பேர் படத்துக்கு வருவோம். கேமரா எங்கே தொடங்க வேண்டும் என்றுதான் எல்லோரும் யோசிப்பார்கள். நான் முதலில் எங்கே நிற்க வேண்டும் என்று முடிவு செய்வேன். கடைசியாகக் கண்ணில் படுவதுதான் மனதில் தங்கும். அது தெரிந்துவிட்டால் தொடக்கம் தானாக வரும். இந்தப் படத்தில் தாத்தா சின்ன ரயிலின் பக்கத்தில் நிற்கும் ஆள் என்பது கடைசியில் தெரிந்தால் போதும். அதனால் கொடியைப் பிடித்த கையில் தொடங்கி முழுப் படத்துக்கு விலகுகிறோம். ஒரு நகர்வுக்கு ஒரே ஒரு வேலை. கையிலிருந்து முகம், முகத்திலிருந்து எஞ்சின், அப்புறம் பக்கத்து ஆள் என்று அலைந்தால் எறும்பு ஊர்கிற மாதிரி இருக்கும்.

ஸ்கிரிப்டில் அது இப்படி வரும்:

படம் 4. மொத்தம் 15 விநாடி.
காட்சி: கொடியைப் பிடித்த கை. 2 விநாடி அசைவில்லை. பிறகு மெதுவாக விலகல். முழுப் படம் வந்ததும் 2 விநாடி நிற்கிறது.
ஒலி: தூரத்தில் நீராவி. மூன்றாவது விநாடிவரை குரல் இல்லை.
குரல்: "தண்டவாளத்துக்கு நடுவே இரண்டரை அடிதான். 1906 முதல், மொரப்பூரில் பெரிய வண்டியை விட்டு இறங்கியவர்கள் தர்மபுரிக்கு இதில்தான் ஏறினார்கள்."

இந்தக் குரலில் கொடியும் இல்லை, தாத்தாவும் இல்லை என்பதைக் கவனியுங்கள். கண் பார்த்துக்கொண்டிருப்பதைக் காதுக்கும் சொன்னால் இரண்டில் ஒன்று வீண். படத்தில் தெரியாததை மட்டும் குரல் சொல்லட்டும். தாத்தாவின் பெயரை அடுத்த படத்தில் சொல்லலாம். அதற்குள் யார் இவர் என்று பார்ப்பவரே கேட்கத் தொடங்கியிருப்பார்.

அளவுக்கு, நிதானமான தமிழ்க் குரல் பத்து விநாடியில் பதினைந்து பதினாறு சொல் பேசும். 1906 என்று எழுதினால் ஒரு சொல், படித்தால் ஆயிரத்துத் தொள்ளாயிரத்து ஆறு, மூன்று சொல். இது தெரியாமல் எண்ணிவிட்டு ஒலிப்பதிவு அன்று திணறியவர்கள் நிறைய. ஸ்கிரிப்ட் எழுதியதும் கைபேசியில் நேரம் வைத்துச் சத்தமாகப் படித்துப் பாருங்கள். மனதுக்குள் படித்தால் எப்போதும் வேகமாகத்தான் ஓடும்.

இந்த விலகல் திரையில் தெளிவாக வருமா என்பது ஸ்கேனில் இருக்கிறது. சாதாரண எச்.டி. திரை 1920 புள்ளி அகலம். உங்கள் பிரிண்ட் 6 அங்குல அகலம் என்று வைத்துக்கொண்டால், 600 டி.பி.ஐ.-யில் ஸ்கேன் செய்தால் 3600 புள்ளி கிடைக்கும். அதில் திரையை நிரப்பும் மிகச் சின்னத் துண்டு 3.2 அங்குலம், அதாவது பாதிப் படம்தான். கையும் கொடியும் ஒன்றரை அங்குலத்துக்குள் இருந்தால் 1200 டி.பி.ஐ. தேவை. TIFF கோப்பாகச் சேமியுங்கள். கைபேசியில் எடுத்தால் கண்ணாடிப் பளபளப்பும் ஓரத்தின் வளைவும் நகரும்போது காட்டிக்கொடுத்துவிடும்.

ஆனால் புத்தகத்தில் அச்சான படத்துக்கு இந்தக் கணக்கு உதவாது. நான் ஒரு தடவை கோவில் விழா மலரிலிருந்து ஒரு படத்தை எடுத்து முகத்தை நெருங்கும்படி எழுதினேன். எடிட்டிங்கில் நெருங்க நெருங்க முகம் போய்ப் புள்ளி புள்ளியாக அச்சு மைதான் மிஞ்சியது. எத்தனை டி.பி.ஐ. வைத்தாலும் அந்தப் புள்ளிதான் பெரிதாகும். அப்படிப்பட்ட படத்தை முழுசாகவே காட்டி, அசைவை விட்டுவிடுங்கள்.

வேகத்துக்கு ஒரு சோதனை உண்டு. பக்கவாட்டில் நகரும்போது ஒரு பொருள் திரையின் ஒரு ஓரத்திலிருந்து மறு ஓரத்துக்குப் போக ஏழு விநாடியாவது ஆக வேண்டும். அதைவிட விரைந்தால் உதறும். கூரை ஓடு, கம்பி வேலி மாதிரி நுண்கோடுகள் மெதுவாக நகரும்போது மினுமினுக்கும். அந்தப் பகுதியை மட்டும் லேசாக மங்கலாக்கினால் அடங்கிவிடும்.

கடைசியாக நடிப்புக் காட்சி. இதை ஒரு நிமிடத்துக்குள் அடக்குங்கள். இன்றைய தண்டவாளத்தில் எடுக்கவே முடியாது: அது ஐந்தரை அடி அகலம், கீழே கான்கிரீட் கட்டை. தவிர, அனுமதியில்லாமல் தண்டவாளத்தில் இறங்குவது குற்றம். ரயிலைக் காதுக்கு விட்டுவிட்டுக் கையை மட்டும் காட்டுங்கள். குறிப்பு இந்த அளவுக்கு விவரமாக இருக்கட்டும்:

மீட்டுருவாக்கம் 2. இரவு. ஒரு கை அரிக்கேன் விளக்கின் கண்ணாடியைத் தூக்கித் திரியைப் பற்றவைக்கிறது. முகம் இல்லை. பின்சுவர் இருட்டு. மணிக்கட்டில் கைக்கடிகாரமோ அதன் தடமோ கூடாது. தீப்பெட்டி லேபிள் உள்ளங்கைப் பக்கம். 8 விநாடி.

சட்டைக் கையின் நீளம் மாதிரி விஷயங்களைக் கற்பனையில் தேடாதீர்கள். உங்கள் படம் 4-லேயே இருக்கும். எடுத்த காட்சியைப் பழுப்பாக்கிக் கீறல் போட்டுப் பழசு மாதிரி காட்டவும் வேண்டாம். அசல் படங்கள் கறுப்பு வெள்ளையிலும் நடித்தது வண்ணத்திலும் இருந்தால் யாரும் குழம்ப மாட்டார்கள். கீழே ஓரத்தில் 'மீட்டுருவாக்கம்' என்று மூன்று விநாடி எழுதிக் காட்டுங்கள், ஒவ்வொரு தடவையும்.