வில்லன் "அந்தேரா காயம் ரஹே"னு சொல்ற ஹிந்தி சீரியல் எது?

கேள்வி: சின்ன வயசுல தூர்தர்ஷன்ல பாத்தது, வில்லன் பேரு மறந்துபோச்சு, இந்த ஒரு டயலாக் மட்டும்தான் ஞாபகம் இருக்கு, என்ன சீரியல்?

அது சக்திமான், 1997ல ஆரம்பிச்சது. வில்லன் பேரு தம்ராஜ் கில்விஷ், நடிச்சவர் சுரேந்திர பால். இந்த டயலாக் அவனோட முத்திரை மாதிரி, அதனாலதான் பேரு போனாலும் இது மட்டும் மனசுல நிக்குது. ஆனா ஒரு வரிய மட்டும் நம்பி முடிவு பண்ணாதீங்க, ஏன்னா ஹிட்டான டயலாக்க மத்த ப்ரோக்ராம்லயும் காமெடிக்கு எடுத்துப் பேசுவாங்க. ஹீரோ சுத்திக்கிட்டே பறப்பாரா, கண்ணாடி போட்ட கங்காதர்ங்கிற அப்பாவி கேரக்டரும் அவரேதானா, கடைசில பசங்க "சாரி சக்திமான்"னு சொல்வாங்களானு யோசிச்சுப் பாருங்க, இதுல ஒண்ணு ஒத்துப்போனாலே உறுதி. யூடியூப்ல andhera kayam rahe னு காதுல விழுந்த மாதிரியே அடிங்க, குரல கேட்டா உடனே தெரிஞ்சிடும்.