நூறு விடைத்தாள், பத்து நாள்: தினம் எத்தனை திருத்துவது?

*அரசு உயர்நிலைப் பள்ளியில் பத்தாம் வகுப்புக்கு அறிவியல் எடுக்கிறேன், மேடம். இரண்டு பிரிவுக்கும் சேர்த்து நூறு அரையாண்டு விடைத்தாள். பத்து நாளில் மதிப்பெண் பட்டியல் கொடுக்க வேண்டும். போன முறை பாதிக்கு மேல் கடைசி இரண்டு இரவில்தான் திருத்தினேன். அந்தப் பிள்ளைகளுக்குக் கையை இறுக்கிவிட்டேனோ என்று இன்னும் உறுத்துகிறது. எப்படித் திட்டமிடுவது?*

நூறைப் பத்தால் வகுக்காதீர்கள். பத்து நாளில் உங்களுக்குத் திருத்தக் கிடைப்பது ஆறு நாள்தான். முதல் நாள் விடைக்குறிப்புக்குப் போய்விடும். கடைசி இரண்டு நாள் கூட்டலுக்கும் பட்டியலுக்கும் வேண்டும். நடுவில் வரும் ஞாயிற்றுக்கிழமையைக் காலியாக விட்டுவையுங்கள். காய்ச்சலோ திடீர்ப் பயிற்சி வகுப்போ வந்தால் அந்த நாள் கைகொடுக்கும்.

முதல் நாளே இரண்டு பிரிவுத் தாள்களையும் கலந்துவிடுங்கள். 'அ' பிரிவு முழுக்க முதலிலும் 'ஆ' பிரிவு முழுக்கக் கடைசியிலும் வந்தால், உங்கள் அலுப்பெல்லாம் ஒரே வகுப்பின் தலையில் விழும். கலந்த கட்டிலிருந்து ஐந்து தாளை உருவி, கடிகாரத்தை வைத்துக்கொண்டு திருத்துங்கள். இவற்றுக்கு மட்டும் தாளில் சிவப்பு மை படவே கூடாது. ஒவ்வொரு கேள்விக்கும் போட்ட மதிப்பெண்ணைத் தனிச் சீட்டில் எழுதி, மடித்து வைத்துவிடுங்கள். ஏன் என்று பிறகு சொல்கிறேன்.

ஐந்துக்கும் ஒரு மணி நேரம் ஆனது என்று வைத்துக்கொள்வோம். ஒரு தாளுக்கு 12 நிமிடம். மீதி 95 தாள், ஆறு நாள்: தினம் 16, கடைசி நாள் 15. ஒரு நாளைக்கு மூன்று மணி நேரத்துக்குச் சற்று அதிகம். பள்ளியில் இரண்டு ஓய்வுப் பாடவேளை கிடைத்தால் பாதி அங்கேயே முடியும், மீதி சாயங்காலம். இன்று உற்சாகமாக இருக்கிறதே என்று 25 திருத்தாதீர்கள். பதினாறைத் தாண்டிய தாள்களைத் திருத்தும் கை களைத்த கை.

அன்றைய பதினாறையும் தாள் தாளாகத் திருத்தாமல், பகுதி பகுதியாகத் திருத்துங்கள். முதலில் எல்லாவற்றிலும் ஒரு மதிப்பெண் வினாக்கள், அப்புறம் இரண்டு மதிப்பெண், அப்புறம் நான்கு, கடைசியில் ஏழு. ஒரே விடைக்குறிப்பு மனதில் நிற்பதால் வேகமும் கூடும், ஒருவருக்கு ஒன்று இன்னொருவருக்கு வேறு என்று ஆவதும் குறையும்.

இப்போது அந்த ஐந்து தாள். இரண்டாவது கட்டிலிருந்து தினமும் வேலையைத் தொடங்கும் முன் அவற்றில் ஒன்றை எடுத்து, சீட்டைப் பார்க்காமல் மறுபடி திருத்துங்கள். பிறகு சீட்டைப் பிரியுங்கள். 75-க்கு ஒன்றிரண்டு வித்தியாசம் வந்தால் பரவாயில்லை. மூன்று, நான்கு என்று போனால் எந்தக் கேள்வியில் என்று பாருங்கள்.

எனக்கு ஒருமுறை நடந்தது இது. ஓம் விதியைக் கூறுக, இரண்டு மதிப்பெண். மின்னோட்டம் மின்னழுத்த வேறுபாட்டுக்கு நேர்த்தகவில் இருக்கும் என்று ஒரு பையன் எழுதியிருந்தான். 'மாறா வெப்பநிலையில்' என்பதை விட்டுவிட்டான். முதல் நாள் 2 போட்டிருந்தேன், நான்காவது கட்டைத் தொடங்கும் முன் 1 போட்டேன். இரண்டுக்கும் நியாயம் சொல்லலாம், ஆனால் ஒரே வகுப்பில் இரண்டும் இருக்கக் கூடாது. வெப்பநிலை இல்லையென்றால் 1 என்று விடைக்குறிப்பில் எழுதிக்கொண்டு, முடித்த மூன்று கட்டிலும் அந்த ஒரு கேள்வியை மட்டும் புரட்டினேன். அரை மணி நேரம் ஆனது. கடைசி நாளில் கண்டுபிடித்திருந்தால் மனசே வந்திருக்காது. ஒரு கேள்வியில் மட்டுமல்லாமல் எல்லாவற்றிலும் அரை அரையாகக் குறைந்திருந்தால், அது களைப்பு. அன்று பேனாவை மூடிவிடுங்கள், ஞாயிற்றுக்கிழமை இருக்கிறது.

எட்டாவது நாள் போல எல்லாம் முடிந்ததும், அந்த ஐந்து தாளுக்கும் திருத்திய விடைக்குறிப்பின்படி சிவப்பு மையில் இறுதி மதிப்பெண் போடுங்கள்.

கூட்டலைத் திருத்தும் நாளில் செய்யாமல் தனியே செய்யச் சொல்வதற்குக் காரணம், பெற்றோர் வந்து நிற்பது பெரும்பாலும் கூட்டல் பிழைக்காகத்தான். முகப்பில் கேள்வி வாரியாக ஒருமுறை, உள்ளே பக்க வாரியாக ஒருமுறை கூட்டுங்கள். இரண்டும் ஒத்துப்போக வேண்டும். கூட்டும்போது கடைசிப் பக்கம்வரை புரட்டி, கூடுதல் தாளையும் பாருங்கள். இரண்டு வெற்றுப் பக்கம் விட்டு அதன் பின்னால் ஏழு மதிப்பெண் விடை எழுதும் பிள்ளைகள் வருஷா வருஷம் இருக்கிறார்கள். முடிந்தால் பக்கத்து ஆசிரியரோடு கட்டை மாற்றிக்கொள்ளுங்கள். நம் பிழை நம் கண்ணுக்குச் சீக்கிரம் தெரியாது. பட்டியலில் ஏற்றும்போது ஒருவர் வாசிக்க, ஒருவர் பதியட்டும். பதிந்த எண்ணை அவர் திரும்பச் சொல்லிவிட்டு அடுத்த பெயருக்குப் போகட்டும்.