குரூப் 4 பயிலும் வட்ட நண்பர்களுக்கு: சுருக்கக் குறிப்பும் ஐந்து வாரத் திருப்புதலும்

அன்புள்ள தம்பி, தங்கைகளுக்கு,

போன ஞாயிறு கேட்ட சுருக்கக் குறிப்பை இத்துடன் அனுப்பியிருக்கிறேன். மொத்தமே பன்னிரண்டு பக்கம்தான். இவ்வளவு பாடத்துக்கு இது எப்படிப் போதும் என்று சிலருக்குத் தோன்றும். அதனால் இதில் எதை வைத்தேன், எதை விட்டேன் என்பதை முதலில் சொல்லிவிடுகிறேன்.

பாடம் முழுக்க பள்ளிப் புத்தகங்களில் இருக்கிறது, அதைத் திரும்ப எழுதி ஒரு பயனும் இல்லை. படித்த பிறகும் ஒன்றோடொன்று மாறிப்போகிற விஷயங்களை மட்டும் ஜோடி ஜோடியாகப் போட்டிருக்கிறேன். நம் மாதிரித் தேர்வு விடைத்தாள்களைப் பார்த்தால், நன்றாகப் படித்த பிள்ளைகளும் மதிப்பெண்ணைக் கோட்டைவிடுவது பெரும்பாலும் இந்த இடத்தில்தான். 73-வது திருத்தம் பஞ்சாயத்து, 74-வது நகராட்சி என்பது எல்லோருக்கும் தெரியும். ஆனால் பதினோராவது அட்டவணையில் 29 பொருள்கள், பன்னிரண்டாவதில் 18 பொருள்கள் என்று கேட்டதும் கை தடுமாறுகிறது. அதனால் இரண்டையும் ஒரே வரியில் எதிரெதிராக எழுதியிருக்கிறேன்.

தமிழிலும் அப்படித்தான். 200 கேள்வியில் 100 தமிழ், 300 மதிப்பெண்ணில் 150. இதில் 60 மதிப்பெண் வாங்காவிட்டால் அடுத்த பகுதியைத் திருத்தவே மாட்டார்கள், அதனால் குறிப்பில் பாதி தமிழுக்கே போயிருக்கிறது. இலக்கணக் குறிப்பில் வினைத்தொகையா பண்புத்தொகையா என்று குழம்பினால் விரித்துப் பாருங்கள். ஊறுகாய் என்பது ஊறிய காய், ஊறுகின்ற காய், ஊறும் காய் என்று மூன்று காலத்துக்கும் விரிகிறது, ஆகவே வினைத்தொகை. செந்தாமரை அப்படி விரியாது, செம்மையாகிய தாமரை என்றுதான் வரும், அது பண்புத்தொகை. மலர்முகம் உவமைத்தொகை, அதையே திருப்பிப் போட்டு முகமலர் என்றால் உருவகம். இந்த மாதிரி விரித்துப் பார்க்கிற வழி தெரிந்தால், பட்டியலில் இல்லாத சொல் வந்தாலும் பயமில்லை.

கணக்கில் ஒன்றை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன், ஏனென்றால் சென்ற தேர்வில் பாதிப் பேர் இதில்தான் விழுந்தீர்கள். இரண்டு வருடத்துக்குக் கூட்டு வட்டிக்கும் தனி வட்டிக்கும் உள்ள வித்தியாசம் கேட்டால், இரண்டையும் தனித்தனியாகப் போட வேண்டாம். வட்டி வீதத்தின் வர்க்கத்தால் அசலைப் பெருக்கி 10,000-ஆல் வகுத்தால் போதும். அசல் 8,000 ரூபாய், வீதம் 5 என்றால் 8,000 × 25 ÷ 10,000 = 20 ரூபாய். சரிபார்க்க வேண்டுமா? தனி வட்டி 800, கூட்டு வட்டி முதல் வருடம் 400, இரண்டாம் வருடம் 8,400-க்கு 420, ஆக 820. வித்தியாசம் 20, சரியாக வருகிறது.

இதுவரை எல்லோருக்கும் வந்தது. இப்போது அதே 8,000 ரூபாய், ஆண்டுக்கு 10 சதவீதம், அரையாண்டுக்கு ஒருமுறை வட்டி கணக்கிடப்படுகிறது, காலம் ஒரு வருடம் என்றால்? பலர் 10-இன் வர்க்கம் 100 என்று எடுத்து 80 ரூபாய் என்று போட்டிருந்தீர்கள். விடைகளில் 80-ம் இருந்தது, அதனால் சந்தேகமும் வரவில்லை. அரையாண்டு என்ற சொல்லைப் பார்த்ததும் வீதத்தைப் பாதியாக்கி, காலத்தை இரண்டு மடங்காக்க வேண்டும். அப்போது இது 5 சதவீதம், இரண்டு தவணை, அதாவது மேலே போட்ட அதே கணக்கு, விடை 20. மூன்று தவணை வந்துவிட்டால் இந்தக் குறுக்குவழி அப்படியே பொருந்தாது, அதற்கான வாய்பாடு குறிப்பின் ஒன்பதாம் பக்கத்தில் இருக்கிறது.

சரி, திருப்புதலுக்கு வருவோம். குறிப்பைத் திரும்பத் திரும்ப வாசிப்பது திருப்புதல் ஆகாது. வாசிக்கும்போது எல்லாம் தெரிந்த மாதிரி இருக்கும், தேர்வறையில் வராது. அதனால் குறிப்பை மூடிவைத்துவிட்டு, ஒரு வெள்ளைத் தாளில் நினைவில் இருப்பதை எழுதிப் பார்த்து, அப்புறம் திறந்து விட்டுப்போனதைச் சிவப்பில் சேருங்கள். ஒரு பாடத்துக்குப் பத்து நிமிடம் போதும்.

எப்போது என்பதுதான் அட்டவணை. திங்கள்கிழமை வட்டி படித்தால், செவ்வாய் ஒருமுறை, அந்த வெள்ளிக்கிழமை ஒருமுறை, அதற்கு அடுத்த வெள்ளி ஒருமுறை வெள்ளைத் தாளில் எழுத வேண்டும். வெள்ளிக்கிழமைத் தாளில் பாதிகூட வரவில்லை என்றால் குறிப்பை விட்டுவிட்டு புத்தகத்துக்கே போய், அந்தப் பாடத்தைப் புதிதாகத் தொடங்குங்கள், அரைகுறையாக இழுத்துக்கொண்டு போகாதீர்கள். காலையில் தமிழ், மாலையில் பொது அறிவும் கணக்கும் என்று போட்டிருக்கிறேன். வேலைக்குப் போகிறவர்களும் கைக்குழந்தை வைத்திருக்கிறவர்களும் நேரத்தை மாற்றிக்கொள்ளலாம், நாள் இடைவெளியை மட்டும் மாற்ற வேண்டாம். ஒரு நாள் விட்டுப்போனால் அன்றைய புதிய பாடத்தைத் தள்ளிப்போடுங்கள், திருப்புதலைத் தள்ளாதீர்கள். நடப்பு நிகழ்வுகளுக்குத் தினம் கால் மணி நேரத்துக்கு மேல் கொடுக்காதீர்கள். கடைசி எட்டு நாளில் புதிய பாடம் எதுவும் கிடையாது.

ஞாயிறுதோறும் முழுத் தேர்வு, காலை 9.30 முதல் 12.30 வரை, உண்மைத் தேர்வு நடக்கிற அதே நேரம். ஓ.எம்.ஆர். தாள் நகல் நான் கொண்டுவருகிறேன், கறுப்பு மை பந்துமுனைப் பேனா உங்களுடையது. வட்டத்தை நிரப்பவும் நேரம் எடுக்கும், அதைப் பழகாமல் வீட்டில் கேள்வித்தாளில் டிக் அடித்துக்கொண்டிருந்தால் கடைசி இருபது கேள்வி அவசரத்தில் போய்விடும். தவறான விடைக்கு மதிப்பெண் குறைப்பதில்லை, ஆகவே இரண்டு விடைகளையாவது கழிக்க முடிகிற கேள்விக்கு ‘விடை தெரியவில்லை’ என்ற E வட்டத்தை நிரப்ப வேண்டாம்.

தேர்வு முடிந்ததும் மதிப்பெண்ணை மட்டும் பார்த்துவிட்டுக் கிளம்பிவிடாதீர்கள். தவறான ஒவ்வொரு கேள்விக்கும் பக்கத்தில் ஒரு எழுத்துப் போடுங்கள்: தெரியவே தெரியாதது என்றால் ‘தெ’, தெரிந்தும் மாறிப்போனது என்றால் ‘மா’, கேள்வியைச் சரியாகப் படிக்காதது என்றால் ‘ப’. ‘தெ’ எல்லாம் புத்தகத்துக்குப் போகும். ‘மா’ மட்டும் சுருக்கக் குறிப்பில் ஏறும், அதற்காகத்தான் ஒவ்வொரு பக்கத்திலும் வலது ஓரத்தைக் காலியாக விட்டிருக்கிறேன். ‘ப’ அதிகமாக வருகிறவர்கள் இன்னும் படித்து அதைச் சரிசெய்ய முடியாது, ‘பொருந்தாதது’, ‘தவறான இணை’, ‘அரையாண்டு’ போன்ற சொற்களைக் கேள்வித்தாளில் அடிக்கோடிட்ட பிறகே விடையைப் பார்க்கப் பழகுங்கள். நம் வட்டத்தில் ஒரு தங்கை அப்படித் தன் தாளைப் பிரித்துப் பார்த்தபோது, தவறிய 62-இல் 21 ‘ப’ வகை. அதாவது 31½ மதிப்பெண்.

பெற்றோர் சிலர் வீட்டில் எப்படி உதவலாம் என்று கேட்டிருந்தீர்கள். எவ்வளவு நேரம் படித்தாய் என்று கேட்காமல், அன்றைய வெள்ளைத் தாளைக் காட்டச் சொல்லுங்கள், அதில் சிவப்பு குறைகிறதா என்று பாருங்கள்.

இரவுப் பணியில் இருக்கிறவர்கள் ஞாயிறு காலை வர முடியுமா என்பதை வியாழனுக்குள் சொல்லிவிடுங்கள். முடியாதவர்களுக்குக் கேள்வித்தாளைச் சனிக்கிழமையே உறையில் ஒட்டிக் கொடுத்துவிடுகிறேன்.

அன்புடன்,
உங்கள் வழிகாட்டி