மார்க் ஷீட்டில் பெயர் தப்பா? ஐசியைத் தொடாதீர்கள்

சுங்கை சிப்புட்டிலிருந்து கேட்டிருந்த அக்காவுக்கு,

நீங்கள் அனுப்பிய படங்களைப் பெரிதாக்கிப் பார்த்தேன். மகளின் பெயரை இங்கே மாற்றி எழுதுகிறேன், பிழை மட்டும் அப்படியே இருக்கிறது. ஐசியிலும் பாஸ்போர்ட்டிலும் THARSHINI A/P LETCHUMANAN. தமிழ்நாட்டுப் பல்கலைக்கழகம் கொடுத்த மதிப்பெண் பட்டியலில் DHARSHINI L. அதுபோக, மூன்றாம் செமஸ்டரில் ஒரு பாடத்துக்கு இன்டர்னல் 21 வாங்கியவளுக்கு 12 என்று போட்டிருக்கிறது.

முதலில் ஒன்று. "ஜே.பி.என்.னுக்குப் போய் ஐசியை மார்க் ஷீட்டுக்கு ஏத்த மாதிரி மாத்திடலாம்" என்று உங்கள் தம்பி சொன்னாராம். தயவுசெய்து வேண்டாம். பிறப்புப் பத்திரம், எஸ்.பி.எம். சான்றிதழ், பாஸ்போர்ட், வங்கிக் கணக்கு எல்லாம் ஐசியிலுள்ள எழுத்துப்படி இருக்கின்றன. ஒரு தாளைச் சரிசெய்வதற்காக மற்ற எல்லாவற்றையும் தப்பாக்கிக்கொள்ள வேண்டியதில்லை. தப்பு இந்தியாவில் நடந்தது, திருத்தமும் அங்கேதான் நடக்க வேண்டும்.

பெயரில் இருப்பது ஒரு பிழை இல்லை, இரண்டு வித்தியாசங்கள். இரண்டையும் பிரித்துப் பார்த்தால்தான் வேலை நடக்கும். T போய் D வந்தது எழுத்துப்பிழை. நம் ஊரில் Letchumy, Logeswary என்று பதிவது வழக்கம். அங்கே காதில் கேட்டபடி தட்டச்சு செய்பவருக்கு Lakshmi, Logeswari என்றுதான் கை போகும். இது கட்டாயம் திருத்தப்பட வேண்டும். ஆனால் A/P LETCHUMANAN என்பது L ஆகச் சுருங்கியது வேறு விஷயம். தமிழ்நாட்டில் அப்பா பெயரை இனிஷியலாகப் போடுவது வழக்கம், A/P என்பதே அங்கே பலருக்குப் புரியாது. பாஸ்போர்ட்டில் உள்ளபடி முழுப் பெயரையும் அச்சிடச் சொல்லிக் கேளுங்கள். முடியாது என்றால் அதற்காக மாதக்கணக்கில் சண்டை போட வேண்டாம். இரண்டு பெயரும் ஒரே ஆள்தான் என்று கல்லூரி முதல்வரிடமோ பல்கலைக்கழகப் பதிவாளரிடமோ பாஸ்போர்ட் எண்ணோடு ஒரு கடிதம் வாங்கி, இங்கே சத்தியப் பிரமாண ஆணையர் முன் ஒரு சூராட் அக்குவான் எடுத்து வைத்துக்கொள்ளலாம். எழுத்துப்பிழைக்கு மட்டும் இந்தக் கடிதத்தை ஏற்றுக்கொண்டு திரும்பி வந்துவிடாதீர்கள். வேலைக்கு எடுப்பவர் ஒவ்வொருவரும் அதைக் கேள்வி கேட்பார்.

அடுத்து, தப்பு எங்கே நுழைந்தது என்று பாருங்கள். மகளிடம் முதல் செமஸ்டர் ஹால் டிக்கெட் இருக்கிறதா? அதிலேயே DHARSHINI என்றிருந்தால், சேர்க்கையின்போது கல்லூரி அனுப்பிய மாணவர் பட்டியலிலேயே பிழை விழுந்துவிட்டது என்று அர்த்தம். ஹால் டிக்கெட்டில் சரியாக இருந்து பட்டியலில் மட்டும் மாறியிருந்தால் அது பல்கலைக்கழகத்தின் அச்சுப்பிழை. அப்போது ஹால் டிக்கெட் நகலையும் இணைத்து, பிழை எங்கள் பக்கம் இல்லை, கட்டணமில்லாமல் திருத்தித் தாருங்கள் என்று கடிதத்திலேயே எழுதுங்கள்.

விண்ணப்பம் தேர்வுக் கட்டுப்பாட்டு அலுவலருக்குப் போக வேண்டும், ஆனால் கல்லூரி முதல்வர் வழியாக. நேராக அனுப்பினால் பெரும்பாலும் கல்லூரிக்கே திருப்பிவிடுவார்கள். பாஸ்போர்ட் நகலையே முதன்மை ஆதாரமாக வையுங்கள். எஸ்.பி.எம். சான்றிதழ் மலாயில் இருப்பதால் அது இரண்டாவதுதான். A/P என்றால் மகள் என்று பொருள் என ஒரு வரி சேர்த்துவிடுங்கள். அசல் மதிப்பெண் பட்டியலைத் திருப்பிக் கொடுக்கச் சொல்வார்கள். கொடுப்பதற்கு முன் இரு பக்கமும் ஸ்கேன் எடுத்து, சான்றளிக்கப்பட்ட நகல் ஒன்றையும் வைத்துக்கொண்டு, பெற்றுக்கொண்டதற்கு முத்திரையோடு ஒப்புகை வாங்குங்கள். மகளால் போக முடியாவிட்டால் நம்பகமான ஆளுக்கு அதிகாரக் கடிதம் கொடுக்கலாம். வெளிநாட்டில் எடுத்த பிரமாணப் பத்திரம் கேட்டால், நோட்டரி கையெழுத்து போதுமா, கோலாலம்பூர் இந்தியத் தூதரக முத்திரையும் வேண்டுமா என்று முன்கூட்டியே எழுதிக் கேளுங்கள். தபாலில் அனுப்பியது திரும்பி வந்தால் நாட்கள் ஓடிவிடும்.

இதில் நிறையப் பேர் சறுக்குவது ஒரே ஒரு தாளை மட்டும் திருத்துவதில்தான். பல்கலைக்கழகப் பதிவேட்டில் பெயர் மாறாதவரை, அடுத்து வரும் ஒவ்வொரு தாளும் பழைய தப்போடுதான் வரும். பதிவேட்டில் பெயரைத் திருத்தி, எல்லா செமஸ்டர் பட்டியல்களையும் ஒருங்கிணைந்த பட்டியலையும் மாற்றித் தர வேண்டும் என்று தெளிவாகக் கேளுங்கள். பட்டச் சான்றிதழ் இன்னும் அச்சாகவில்லை என்கிறீர்கள், நல்லது. அது அச்சாவதற்கு முன்பே கடிதம் போய்ச் சேரட்டும். பட்டம் கைக்கு வந்த பிறகு திருத்துவது இன்னும் சிரமம். அப்புறம், விண்ணப்பத்தில் டூப்ளிகேட் என்ற கட்டத்தில் டிக் போட்டுவிடாதீர்கள். டூப்ளிகேட் என்பது தொலைந்த தாளுக்கு. அது பழைய பிழையையும் அப்படியே நகலெடுத்துத் தரும்.

இப்போது மதிப்பெண். இதைப் பெயரோடு சேர்த்து ஒரே விண்ணப்பத்தில் எழுத வேண்டாம், தனியாக எழுதுங்கள். அவளுடைய பாடத்தில் எழுத்துத் தேர்வு 75க்கு 48, இன்டர்னல் 25க்கு 21. மொத்தம் 69 வர வேண்டும், பட்டியலில் 60தான் இருக்கிறது. எழுத்துத் தேர்வின் 48 சரியாக இருப்பதால் இது மறுமதிப்பீட்டு விஷயமே இல்லை. மறுமதிப்பீட்டுக்குப் பணம் கட்டினால் விடைத்தாளைத்தான் திரும்பப் பார்ப்பார்கள், இன்டர்னலைத் தொடமாட்டார்கள். 21 என்பதை யாரோ திருப்பி 12 என்று தட்டியிருக்கலாம். துறைத் தலைவரிடம் இன்டர்னல் பதிவேட்டின் நகலைக் கேளுங்கள். மாணவர்கள் கையெழுத்துப் போட்ட பட்டியல் இருந்தால் அது இன்னும் நல்லது. பதிவேட்டில் 21 இருந்து, கல்லூரி 12 என்று ஏற்றியிருந்தால், கல்லூரியே பிழையை ஒப்புக்கொண்டு எழுத வேண்டும். அதற்குத் தயங்குவார்கள், ஆனால் அந்தக் கடிதம் இல்லாமல் மேலே ஒன்றும் நகராது. கல்லூரி 21 என்றே ஏற்றியிருந்தால், ஏற்றிய பக்கத்தின் அச்சுப்படியை இணைத்தால் போதும்.

எழுத்துத் தேர்வு மதிப்பெண்ணிலேயே சந்தேகம் இருந்திருந்தால் கதை வேறு. விடைத்தாள் நகல், மறுகூட்டல், மறுமதிப்பீடு எல்லாவற்றுக்கும் தேர்வு முடிவு அறிவிப்பிலேயே கடைசி நாள் போட்டிருப்பார்கள். அது தாண்டிவிட்டால் கதவு மூடிவிடும். ஆர்.டி.ஐ. போட்டு விடைத்தாளைக் கேட்கலாம் என்று அங்குள்ள நண்பர்கள் சொல்வார்கள். 2005ஆம் ஆண்டு தகவல் அறியும் உரிமைச் சட்டத்தின் 3ஆம் பிரிவு அந்த உரிமையை இந்தியக் குடிமக்களுக்குத்தான் கொடுக்கிறது. மலேசியப் பிரஜையான உங்கள் மகளுக்கு அது உதவாது, பல்கலைக்கழகத்தின் சொந்த நகல் திட்டம்தான் வழி.

புதிய தாள்கள் வந்ததும் கையெழுத்துப் போட்டு வாங்குவதற்கு முன், கவுன்டரிலேயே பாஸ்போர்ட்டைப் பக்கத்தில் வைத்து எழுத்து எழுத்தாகப் பார்க்கச் சொல்லுங்கள். பெயர், பதிவெண், பாடக் குறியீடு, தேர்வு நடந்த மாதமும் ஆண்டும், அந்த 69. பெயரைத் திருத்தும்போது பதிவெண்ணில் ஓர் இலக்கம் மாறிவிடவும் வாய்ப்பு உண்டு. இதற்கிடையில் வேலைக்கு விண்ணப்பிக்க வேண்டி வந்தால், பழைய பட்டியலின் நகலோடு கல்லூரி முத்திரையிட்ட ஒப்புகையையும் சேர்த்துக் கொடுக்கட்டும்.